அனாமத்தில் கிடந்த 1,45,980 ரூபாய்

இந்த அத்தியாயத்தைக் கதையாகவே சொல்கிறேன். அனாமத்துக் கணக்கை நேர்செய்யும் முறையைப் படிப்படியாக எழுதினால் எல்லாம் சுலபமாகத் தெரியும். உண்மையில் எங்கே வழி தவறுகிறது என்பது தெரியாமல் போய்விடும். ஆட்களும் தொகைகளும் கற்பனை. சட்ட விதிகளும் தேடிய வழியும் நிஜம். விதிகள் 2023-24 கணக்காண்டுக்கு நடப்பில் இருந்தவை.

திருப்பூரில் ஒரு எம்பிராய்டரி யூனிட். கூட்டாண்மை நிறுவனம். எக்ஸ்போர்ட் கம்பெனிகள் வெட்டி அனுப்பும் துணியில் பூவேலை செய்து திருப்பித் தரும் ஜாப் ஒர்க். 2025 பிப்ரவரியில் அங்கே கணக்காளராகச் சேர்ந்தவர் சாந்தாமணி. அவருக்கு முன்பு கணக்கு எழுதியவர் 2024 ஏப்ரலிலேயே வேலையை விட்டுப் போயிருந்தார். இடைப்பட்ட காலத்தில் பில் போடும் பையன் ஒருவன்தான் டேலியை ஓட்டிக்கொண்டிருந்தான்.

மார்ச் முதல் வாரம், ஆண்டு முடிப்புக்கு முன்னால் இருப்பாய்வை எடுத்துப் பார்த்தபோது Suspense A/c என்ற வரியில் 1,45,980 ரூபாய் வரவு இருப்பு நின்றது. உள்ளே போனால் பன்னிரண்டு மாதமும் வெறுமை. தொடக்க இருப்பு 1,45,980, இறுதி இருப்பும் அதுவே. ஒரு வருடமாக யாரும் தொடவில்லை.

முதலாளியிடம் கேட்டார்.

"அதுங்களா அம்மிணி, போன வருசமே இருந்துதே. ஆடிட்டரும் ஒண்ணும் சொல்லலை. வரவுதானுங்களே, நமக்கு நட்டமில்லை. வருமானத்துல போட்டு முடிச்சுடுங்க."

"யாரோட பணம்னு தெரியாம வருமானத்துல எப்படிங்கண்ணா போடறது? மார்ச் கடைசி வரைக்கும் டைம் குடுங்க, பாத்துடறேன்."

சாந்தாமணி தயங்கியது சரிதான். தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டிய கடமை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-வது பிரிவில் இருக்கிறது. நம் வங்கியில் விழுந்துவிட்டது என்பதற்காக அது நம்முடையது ஆகிவிடாது. வேலைக்கான முன்பணமாக இருந்தால் அதற்குக் கணக்கு வேறு. பழைய பில்லுக்கான பணமாக இருந்தால், ஏற்கெனவே வருமானத்தில் சேர்ந்த தொகையை இரண்டாம் முறை வருமானமாகக் காட்டி, இரண்டாம் முறை வரியும் கட்டுவதாகிவிடும்.

அன்று மாலை சாந்தாமணி செய்தது, கணக்கு எழுதும் எவரும் செய்வதுதான். 1,45,980-ஐ ஒன்பதால் வகுத்துப் பார்த்தார். மீதியில்லாமல் 16,220 வந்தது. எண்களை இடம் மாற்றி எழுதினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும் என்பது பழைய பாடம். எங்கோ ஒரு தொகையை மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, முந்தைய ஆண்டின் பெரிய தொகைகளை ஒவ்வொன்றாகப் பில்லோடு ஒப்பிட ஆரம்பித்தார். அந்த மாலை முழுக்க அதிலேயே போயிற்று. கிடைத்தது எதுவுமில்லை.

அந்தப் பாடத்துக்கு ஒரு பின்பாதி உண்டு, பலர் அதைச் சொல்லித் தருவதில்லை. பக்கத்துப் பக்கத்து இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தால், வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்து வரும் விடை ஒற்றை இலக்கமாக இருக்கும், அல்லது ஒற்றை இலக்கமும் அதன் பின் பூஜ்யங்களுமாக இருக்கும். 2, 20, 300, 7000 போல. 16,220 அப்படிப்பட்ட எண் அல்ல. எந்த எண்ணும் ஒன்பதால் வகுபட ஒன்பதில் ஒரு வாய்ப்பு தற்செயலாகவே இருக்கிறது. இங்கே நடந்தது அந்தத் தற்செயல்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. பேரேட்டுப் புத்தகத்தில் கையால் எழுதிய காலத்தில், இருப்பாய்வின் இரு பக்கமும் பொருந்தாதபோது அந்த வித்தியாசத்தை வைக்கத்தான் அனாமத்துக் கணக்கு பெரிதும் பயன்பட்டது. இன்று மென்பொருள் பற்றும் வரவும் சமமாக இல்லாத பதிவை ஏற்பதே இல்லை. ஆகவே இப்போது அனாமத்தில் கிடப்பவை பெரும்பாலும் கூட்டல் பிழைகள் அல்ல. யாரோ ஒருவர் யாருடையது என்று தெரியாமல் உட்கார்ந்து போட்ட பதிவுகள். அங்கே இருப்புத் தொகையைத் தேடக் கூடாது. அதற்குள் இருக்கும் பதிவுகளைத் தேட வேண்டும்.

மறுநாள் அவர் அதைச் செய்தார். டேலியில் அந்தக் கணக்குக்குள் நின்று Alt+F2 அழுத்தி, காலத்தை 1-4-2023 முதல் 31-3-2024 வரை மாற்றினார். மூன்று பதிவுகள் இருந்தன. 2024 பிப்ரவரி 23 அன்று 41,300 ரூபாய் பற்று. மார்ச் 11 அன்று 180 ரூபாய் பற்று. மார்ச் 27 அன்று 1,87,460 ரூபாய் வரவு. மூன்றும் கழிந்து நின்ற மிச்சம்தான் 1,45,980. அந்தத் தொகை எந்தப் பில்லிலும் இல்லை, எந்தக் காசோலையிலும் இல்லை. அப்படி ஒரு தொகையே யாருக்கும் யாரும் கொடுக்கவில்லை.

"வரவுதானுங்களே, நமக்கு நட்டமில்லை" என்றாரே முதலாளி. அந்த வரவுக்கு அடியில் 41,300 ரூபாய் வெளியே போன பணம் மறைந்திருந்தது. அனாமத்தில் வரவைவிடப் பற்றுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்பது என் கருத்து. கையாடல் செய்கிறவர் பணத்தை எடுத்து ஒளித்து வைக்கத் தோதான இடம் அது. எதிரே ஒரு பெரிய வரவு நின்றுவிட்டால் கண்ணிலேயே படாது.

சிறியதிலிருந்து தொடங்கினார் சாந்தாமணி. 180-ஐ ஒன்பதால் வகுத்தால் 20. இது அந்தப் பாடத்தின் பின்பாதிக்குப் பொருந்தும் எண். இரண்டாவது இடத்துக்கும் மூன்றாவது இடத்துக்கும் நடுவே, இரண்டு வித்தியாசமுள்ள இலக்கங்கள் இடம் மாறியிருக்க வேண்டும். மார்ச் 11-ஐ ஒட்டி வங்கிப் பட்டியலைப் பார்த்ததும் கிடைத்துவிட்டது. நூல் கடைக்குக் கொடுத்த காசோலை 18,640 ரூபாய், புத்தகத்தில் 18,460. வங்கி இருப்போடு பொருந்தவில்லை என்று பழைய கணக்காளர் அந்த 180-ஐ அனாமத்தில் தள்ளி வங்கியைச் சரிக்கட்டியிருக்கிறார். காசோலை அடிக்கட்டையைப் புரட்டியிருந்தால் அப்போதே முடிந்திருக்கும். நூல் கடையின் கணக்கில் 180 பற்று, அனாமத்தில் 180 வரவு என்று ஒரு பதிவோடு தீர்ந்தது.

அடுத்தது 41,300. வங்கிப் பட்டியலில் இதற்கு எதிரே ஏதோ ஓர் உள்கணக்கு எண்ணுக்கு மாற்றம் என்று மட்டும் இருந்தது. பெயரில்லாத தொகையைக் கண்டால் அதில் வரி கலந்திருக்கிறதா என்று வகுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். 1.18-ஆல் வகுத்தால் 35,000. அதாவது 35,000 ரூபாய்க் கட்டணமும் அதற்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி 6,300-ம். முழு ஆயிரங்களில் விடை வந்தது துப்புதான், சாட்சி அல்ல. இதே தொகையை 1.12-ஆல் வகுத்தாலும் 36,875 என்று முழு எண்ணே வருகிறது. ஆகவே காகிதம் வேண்டும். கடன் கோப்பை எடுத்தார். 2024 பிப்ரவரியில் கேஷ் கிரெடிட் வரம்பைப் புதுப்பித்த கடிதத்தில், புதுப்பித்தல் கட்டணம் 35,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி என்று இருந்தது. ஜிஎஸ்டி தளத்தில் அந்த மாதத்து GSTR-2B-ஐ இறக்கினார். வங்கியின் பதிவெண்ணுக்கு எதிரே மத்திய வரி 3,150, மாநில வரி 3,150.

வங்கி ஒளிக்கவில்லை. பில்லும் போட்டிருக்கிறது, அரசிடமும் காட்டியிருக்கிறது. பார்க்காதது இவர்கள். இந்த 6,300-ஐ உள்ளீட்டு வரிச் சலுகையாக எடுத்திருக்கலாம். ஆனால் ஜிஎஸ்டி சட்டத்தின் 16(4) பிரிவு ஒரு கெடு வைத்திருக்கிறது: கணக்காண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30, அல்லது அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கை தாக்கல் செய்த நாள், இவற்றில் எது முந்தியதோ அது. 2023-24க்கு அந்தக் கெடு 2024 நவம்பர் 30-ஐத் தாண்டாது. இது 2025 மார்ச். சலுகை போயிற்று. 41,300 முழுவதும் செலவாகத்தான் எழுத முடியும். அதுவும் முந்தைய ஆண்டின் செலவு. ஆடிட்டர் கையெழுத்திட்டு மூடிய புத்தகத்தைத் திறந்து பின்தேதியிட்டு எழுதக் கூடாது. நடப்பு ஆண்டில், கண்டுபிடித்த தேதியில், முந்தைய காலச் செலவு என்று தனியே தெரியும்படி எழுத வேண்டும். கணக்கியல் தரநிலை 5 சொல்வதும் அதைத்தான். வருமான வரியில் அந்தச் செலவை எந்த ஆண்டுக்குக் கோரலாம் என்பதை ஆடிட்டர் முடிவு செய்யட்டும்.

மீதி இருந்தது பெரிய தொகை.

1,87,460 ரூபாய், NEFT, 2024 மார்ச் 27. அனுப்பியவர் பெயராகப் பட்டியலில் இருந்தது ஒரு துணி நிறுவனம். அந்தப் பெயரில் வாடிக்கையாளரும் இல்லை, சரக்குக் கொடுப்பவரும் இல்லை. பழைய கணக்காளர் அனாமத்தில் போட்டது இதனால்தான். அந்த வேளையில் அது தவறும் அல்ல. ஏப்ரலில் அவர் வேலையை விட்டதும் பதிவு அனாதையாகிவிட்டது.

சாந்தாமணி மறுபடி வகுத்தார். இந்த முறை 1.03-ஆல். ஏன் 1.03? துணி ஜாப் ஒர்க்குக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு. பணம் கொடுக்கும் கம்பெனி வருமான வரிச் சட்டம் 194C-யின்படி பிடித்தம் செய்யும். வாங்குவது கூட்டாண்மை நிறுவனமானால் பிடித்தம் 2 விழுக்காடு. பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டியிருந்தால், பிடித்தம் ஜிஎஸ்டி சேராத கூலியின் மேல் மட்டும். ஆக நூறு ரூபாய்க் கூலிக்கு ஐந்து கூடி, இரண்டு கழிந்து, கைக்கு வருவது 103. உங்கள் தொழிலின் வரிவீதம் வேறாக இருந்தால் இந்த எண்ணும் வேறாகும். அதை ஒரு முறை கணக்கிட்டு மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

1,87,460-ஐ 1.03-ஆல் வகுத்தால் சரியாக 1,82,000. இது ஜாப் ஒர்க் பணம்தான் என்ற சந்தேகம் வலுத்தது. அப்படியானால் 3,640 ரூபாய் பிடித்தம் யார் பெயரிலாவது அரசுக்குப் போயிருக்க வேண்டும். அதைப் பார்க்கும் இடம் படிவம் 26AS. நம் பான் எண்ணில் யார் யார் எவ்வளவு பிடித்துக் கட்டினார்கள் என்பது, பிடித்தவர் பெயரோடு அதில் இருக்கும்.

2023-24க்கான 26AS-ஐ இறக்கி, ஒவ்வொரு கம்பெனியின் மொத்தத்தையும் புத்தகத்தில் உள்ள பிடித்தத் தொகையோடு ஒப்பிட்டார். எல்லாம் பொருந்தின, ஒன்றைத் தவிர. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி 26AS-ல் காட்டியது, புத்தகத்தில் இருப்பதைவிட 3,640 அதிகம். உள்ளே நான்கு வரிகள்: கூலி 38,500, 52,200, 46,300, 45,000. கூட்டினால் 1,82,000.

அந்தக் கம்பெனியின் பேரேட்டைத் திறந்தார். நான்கு பில்களும் ஜிஎஸ்டியோடு சேர்ந்து 1,91,100 ரூபாய் பாக்கியாக, ஒரு வருடத்துக்கு மேலாக நின்றுகொண்டிருந்தன. வந்தது 1,87,460. பிடித்தம் 3,640. கூட்டினால் 1,91,100. ஒரு ரூபாய் பிசகவில்லை.

பாக்கியில் நின்ற 1,91,100, வங்கியில் வந்த 1,87,460, அனாமத்தில் தெரிந்த 1,45,980 ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று உறவு இருப்பதாகவே தோன்றாது. யாரும் இணைத்துப் பார்க்காததில் ஆச்சரியமில்லை.

அப்படியானால் ஆடிட்டர் அலுவலகம் 26AS-ஐப் பார்க்கவில்லையா என்று கேட்கலாம். பார்த்தார்கள். வருமான வரிப் படிவத்தில் 26AS-ன் மொத்தத்தை அப்படியே எடுத்துப் போட்டார்கள். ஆகவே பிடித்தத்துக்கான வரவு கிடைத்துவிட்டது. ஆனால் புத்தகத்தில் 3,640 குறைவாக இருப்பது ஏன் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. பழைய கணக்காளரையும் இதில் முழுக்கக் குறை சொல்ல முடியாது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான பிடித்தத்துக்குக் கம்பெனிகள் அறிக்கை கொடுக்கக் கெடு மே 31. அவர் ஏப்ரலில் பார்த்திருந்தாலும் 26AS-ல் அந்த நான்கு வரிகள் இருந்திருக்கப் போவதில்லை. ஜூனில் ஒருமுறை பார்க்க ஆள் வேண்டும், அந்த ஆள்தான் இல்லை.

விஷயத்தைச் சொன்னபோது முதலாளி முகம் மாறியது.

"அவுங்களாங்க! நாலு தடவை போன் பண்ணிக் கேட்டேன். எல்லாம் செட்டில் பண்ணியாச்சுன்னு சொன்னாங்க. பொய் சொல்றாங்கன்னு அவுங்க வேலையவே எடுக்கறதை நிறுத்திட்டனே அம்மிணி."

சாந்தாமணி அந்தக் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்குப் போன் செய்தார். 'பணம் கொடுத்தீர்களா' என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் 'கொடுத்தாயிற்று' என்றுதான் பதில் வரும், முதலாளிக்கு வந்ததுபோல. தேதி, தொகை, வங்கிப் பட்டியலில் இருந்த யூடிஆர் எண், அனுப்பிய நிறுவனத்தின் பெயர், நான்கு பில் எண்கள் எல்லாவற்றையும் சொல்லி, "இது உங்க பணம்தானுங்களா, பாத்துச் சொல்லுங்க சார்" என்றார். அரைமணி நேரத்தில் பதில் வந்தது.

"ஆமாங்க மேடம், எங்க குரூப் கம்பெனிங்க அது. மார்ச்ல அந்த நாப்பத்தஞ்சு நாள் பிரச்சினை வந்துச்சு பாருங்க. சின்ன யூனிட்டுக்கெல்லாம் முப்பத்தொண்ணுக்குள்ள முடிச்சாகணும்னு ஆடிட்டர் சொல்லிட்டாரு. இந்த அக்கவுன்ட்ல லிமிட் இல்லை, அதுல இருந்து போட்டுட்டோம். பழைய அக்கவுன்டன்ட் மெயிலுக்கு விவரமும் அனுப்பிச்சமே."

அவர் சொன்ன நாற்பத்தைந்து நாள் என்பது வருமான வரிச் சட்டத்தின் 43B(h). குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தைக் காலத்துக்குள் தராமல், ஆண்டு முடிவதற்குள்ளும் தராவிட்டால், அந்தச் செலவை அந்த ஆண்டில் கழிக்க முடியாது. எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். 2023-24 கணக்காண்டில்தான் இது முதன்முதலாக அமலுக்கு வந்தது. அந்த மார்ச்சில் பல கம்பெனிகள் பழைய பில்களைச் சேர்த்துக் கட்டி அவசரமாகப் பணம் அனுப்பின. உங்கள் புத்தகத்திலும் 2024 மார்ச் கடைசி வாரத்தில் விளங்காத வரவு ஏதாவது இருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டிய காரணம் இது. விவரம் அனுப்பிய மெயில் யாருக்குப் போயிற்று என்பதையும் பாருங்கள். இங்கே அது பழைய கணக்காளரின் சொந்த முகவரிக்குப் போயிருந்தது.

தொகையும் பொருந்தியது, வாய்மொழியும் கிடைத்தது. இருந்தும் சாந்தாமணி உடனே பதிவு போடவில்லை. பணம் வந்தது ஒரு நிறுவனத்திலிருந்து, பில் வேறொரு நிறுவனத்தின் பெயரில். நாளைக்கு அந்தக் குழும நிறுவனமே பணத்தைத் திருப்பிக் கேட்டால் கையில் என்ன இருக்கிறது? இந்தத் தொகை இன்னாருடைய இந்த நான்கு பில்களுக்காகக் கொடுத்தது என்று அனுப்பிய நிறுவனத்திடம் ஒரு கடிதம், பாக்கி ஏதுமில்லை என்று எக்ஸ்போர்ட் கம்பெனியிடம் ஓர் இருப்பு உறுதிக் கடிதம், இரண்டையும் வாங்கினார். அதன்பின்தான் அனாமத்தில் 1,87,460 பற்று, பிடித்தம் செய்த வரிக் கணக்கில் 3,640 பற்று, எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு 1,91,100 வரவு என்று எழுதினார். அந்த 3,640-க்கு வருமான வரிப் படிவத்தில் ஏற்கெனவே வரவு எடுத்தாகிவிட்டது என்று நரேஷனில் குறித்துவைத்தார். இல்லாவிட்டால் ஆடிட்டர் அலுவலகம் அதை இரண்டாம் முறை கோரிவிடும்.

இப்படி எல்லா அனாமத்தும் தீர்ந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். பணமாக வைப்புச் செய்த தொகை, மூடிவிட்ட கணக்கிலிருந்து வந்த தொகை ஆகியவற்றில் வங்கிக் கிளைக்கு எழுதிக் கேட்டும் ஆள் கிடைக்காமல் போகலாம். அப்போதும் அது பொறுப்புப் பக்கத்திலேயே தனி வரியாக நிற்கட்டும். என்னென்ன தேடினோம் என்று ஒரு தாளில் எழுதிக் கோப்பில் வையுங்கள். 'இதர பொறுப்புகள்' என்ற தலைப்புக்குள் அதைக் கரைத்துவிடாதீர்கள். இந்த யூனிட்டின் ஐந்தொகையில் அப்படிக் கரைந்திருந்ததால்தான் ஒரு வருடம் கண்ணில் படாமல் இருந்தது.

உங்கள் புத்தகத்திலும் இப்படி ஒரு கணக்கு இருந்தால், வருடத்தில் இரண்டு முறை அதற்குள் போய்ப் பாருங்கள். ஜூன் நடுவில் ஒருமுறை, அதற்குள் நான்காம் காலாண்டின் பிடித்தங்கள் 26AS-ல் ஏறியிருக்கும். அக்டோபரில் இன்னொருமுறை, அப்போது பற்றுப் பக்கத்தில் இருப்பவற்றை GSTR-2B-யோடு ஒப்பிடுங்கள். நவம்பர் 30 தாண்டிவிட்டால் சாந்தாமணியின் 6,300 ரூபாய் போல உங்களுடையதும் செலவுக் கணக்கில்தான் போய்ச் சேரும்.